பத்துப் பெண்களுக்கு 14 குழந்தைகள்: ஒரே ஓர் எண்ணைக் குறுங்காணொளியில் சொல்லும் முறை

தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 2020 ஆம் ஆண்டில் 1.4. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்தும் மாதிரிப் பதிவு முறையின் அறிக்கையில் இந்த எண் இருக்கிறது. இதே வாசகத்தை அப்படியே காணொளியில் படித்தால், கேட்பவர் மூன்றாவது சொல்லிலேயே விரலால் தள்ளிவிட்டு அடுத்த காணொளிக்குப் போய்விடுவார். ஆனால் இந்த எண்ணுக்குள் இருக்கும் செய்தி, பெரும்பாலானோர் மனத்தில் வைத்திருக்கும் கணக்கைத் தலைகீழாக்குவது. இதை 45 விநாடிக் காணொளியாக எடுத்தபோது நான் செய்தவற்றையும், முதல் இரண்டு முயற்சிகளில் செய்த பிழைகளையும் வரிசையாக எழுதுகிறேன். வேறோர் எண்ணை எடுத்துக்கொள்பவரும் இதே வரிசையில் போகலாம்.

எண் வியப்பூட்டுகிறதா என்பதை முதலில் கேட்டு அறிதல்

ஓர் எண் எழுதுபவருக்கு வியப்பாக இருப்பதால் மற்றவருக்கும் அப்படியே இருக்கும் என்று கொள்ள முடியாது. கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே ஓர் ஊகம் இருந்து, விடை அதிலிருந்து விலகி நிற்கும்போதுதான் வியப்பு பிறக்கிறது. எனவே காணொளி எடுப்பதற்கு முன்னரே நான்கைந்து பேரிடம் விடையைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டுவிட வேண்டும். நான் தெருவில் கேட்ட கேள்வி இது: “தமிழ்நாட்டில் பத்துப் பெண்களுக்குச் சராசரியாக எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன?” பால் ஊற்ற வருபவர் 25 என்றார், மாடி வீட்டுக்காரர் 20 என்றார், ஒருவர் 30 வரை போனார். இருபதுக்குக் கீழே ஒருவரும் இறங்கவில்லை. விடை 14 என்பதால் எண் தேறிவிட்டது. கேட்டவர்களில் பாதிப்பேர் 15க்கு அருகில் ஊகித்திருந்தால், வேறு எண் தேடப் போயிருப்பேன்.

கேள்வியை இப்படி அமைத்ததிலேயே ஒரு வேலை முடிந்துவிட்டதைக் கவனிக்கலாம். “ஒரு பெண்ணுக்கு 1.4 குழந்தை” என்று சொன்னால், அந்தப் புள்ளி நான்கு குழந்தை எங்கே இருக்கிறது என்ற நகைச்சுவையில் செய்தி கரைந்துபோகும். பத்தால் பெருக்கினால் பின்னம் மறைந்து முழுக் குழந்தைகள் வந்துவிடுகிறார்கள். எண்ணின் பொருளும் மாறுவதில்லை.

எண் எதை அளக்கிறது என்பதைச் சரிபார்த்தல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். படம்பிடிப்பதைவிட மும்மடங்கு நேரத்தை நான் இங்கே செலவிட்டேன், அதுவும் போதவில்லை.

மொத்தக் கருவள விகிதம் என்பது, ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஒவ்வொரு வயதுப் பெண்களும் எந்த அளவில் பிள்ளை பெற்றார்களோ, அதே அளவில் ஒரு பெண் தன் பிள்ளைப்பேற்று வயது முழுவதையும் கடந்தால் அவளுக்கு எத்தனை குழந்தைகள் பிறக்கும் என்ற கணக்கு. இதில் எல்லாப் பெண்களும் அடங்குவர். முதல் எழுத்துப்படியில் நான் “பத்து ஜோடிகள்” என்று எழுதியிருந்தேன். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற என் அத்தை அதைப் படித்துவிட்டு, “ஏண்டா, கல்யாணமே ஆகாதவங்களும் இந்தக் கணக்குல இருக்காங்களே, அவங்கள எங்க விட்ட?” என்று கேட்டார். ஜோடி என்ற ஒரு சொல்லால் எண்ணே தவறாகிவிட்டது. அதை நீக்கி “பத்துப் பெண்கள், பத்து ஆண்கள்” என்று மாற்றினேன்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. ஏறத்தாழ அதே காலத்தில், 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டுக்கு 1.8 என்ற எண்ணைத் தருகிறது. இரண்டும் அரசுக் கணக்குகள். இரண்டும் ஒரே மாநிலத்தைப் பற்றியவை. ஆனால் ஒன்று தேர்ந்தெடுத்த பகுதிகளில் பிறப்பு, இறப்புகளை ஆண்டு முழுவதும் தொடர்ந்து பதிகிறது. மற்றொன்று 15 முதல் 49 வயதுப் பெண்களை நேரில் கண்டு கேட்டு, கணக்கெடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுப் பிறப்புகளைக் கொண்டு விகிதத்தைக் கணிக்கிறது. முறை வேறு, காலமும் சற்று வேறு என்பதால் எண்ணும் வேறாகிறது.

இப்படி இரண்டு எண்கள் கிடைக்கும்போது, கூடுதலாக வியக்கவைக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிடும் ஆசை எவருக்கும் வரும். அதற்கு நான் வைத்துக்கொண்ட சோதனை எளியது: காணொளியின் முதன்மை வாக்கியம் மற்ற எண்ணை வைத்தாலும் நிற்கிறதா என்று பார்ப்பது. என் முதன்மை வாக்கியம், “இருபது பேரின் இடத்துக்கு இருபதுக்கும் குறைவான குழந்தைகளே வருகிறார்கள்” என்பது. 14 என்றாலும் 18 என்றாலும் அது நிற்கிறது. ஒரு தலைமுறை தன்னைப் பதிலீடு செய்ய வேண்டுமானால் பத்துப் பெண்களுக்கு 21 குழந்தைகள் வேண்டும். ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறப்பதாலும், பிறந்த பெண்களில் சிலர் தாயாகும் வயதை எட்டாமல் போவதாலும் 20 போதாமல் அந்தக் கூடுதல் ஒன்று தேவைப்படுகிறது. இரண்டு எண்களுமே இந்த அளவுக்குக் கீழேதான் இருக்கின்றன. எனவே 14ஐ எடுத்துக்கொண்டு, அது எந்த ஆண்டின் எண், எந்தக் கணக்கின் எண் என்பதைத் திரையில் எழுதிவிடுவது நேர்மையாகும்.

எண்ணைச் செய்தித்தாள் தலைப்பிலிருந்து எடுக்காமல் அறிக்கையின் அட்டவணையிலிருந்தே எடுக்க வேண்டும். அட்டவணையில் ஊரகம், நகரம், மொத்தம் என்று மூன்று எண்கள் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் நகர எண்ணை மாநில எண்ணாக எடுத்துவிடுவது எளிதில் நேரும் பிழை. கருவள விகிதத்தையும் பிறப்பு விகிதத்தையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. பிறப்பு விகிதம் மக்கள்தொகையில் ஆயிரம் பேருக்கு ஓர் ஆண்டில் எத்தனை பிறப்புகள் என்பதைச் சொல்வது; அது முற்றிலும் வேறு அளவை.

எண் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தல்

ஒவ்வோர் எண்ணின் பின்னாலும், கேட்பவர் தாமாகவே தாவிவிடும் ஒரு தவறான முடிவு காத்திருக்கும். இந்த எண்ணில் அது, “தமிழ்நாட்டு மக்கள்தொகை இப்போதே குறைகிறது” என்பது. அது உண்மையில்லை. 2020 இல் தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 14 பிறப்புகளும் 6 இறப்புகளும் நிகழ்ந்தன. முந்தைய தலைமுறையில் பிறந்த பலர் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருப்பதால், ஒவ்வொருவரும் குறைவாகப் பெற்றாலும் மொத்தப் பிறப்புகள் இன்னும் இறப்புகளை மிஞ்சுகின்றன. காணொளியில் இந்த ஒரு தவறான முடிவை மட்டும் ஒரே வாக்கியத்தில் மறுக்க வேண்டும். நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறை, முதியோர் எண்ணிக்கை, பீகாரின் 3.0 என்று கிளை பிரிந்தால் எந்த எண்ணும் நினைவில் தங்காது. பீகாரை ஒப்பிடும் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் இரண்டாவது எண் வந்தவுடன் காணொளி மாநிலங்களுக்கு இடையிலான போட்டியாக மாறிவிடுகிறது.

படத்தைத் தேர்தல்

1920களில் வியன்னாவில் ஓட்டோ நொய்ராட் என்பவர் புள்ளிவிவரங்களைப் பொதுமக்களுக்குப் படங்களால் விளக்கும் முறை ஒன்றை உருவாக்கினார். அதன் அடிப்படை விதி, அதிக அளவைக் காட்ட வேண்டுமானால் படத்தைப் பெரிதாக்காமல், அதே அளவுப் படத்தை அதிக எண்ணிக்கையில் வைக்க வேண்டும் என்பது. காரணம் வெளிப்படையானது. இரு மடங்கைக் காட்டுவதற்காக ஒரு குழந்தைப் படத்தை இரு மடங்கு உயரமாக வரைந்தால், அகலமும் இரு மடங்காகிப் பரப்பு நான்கு மடங்காகிறது. கண் பரப்பைத்தான் பார்க்கிறது. நூறு ஆண்டு பழைய இந்த விதியை இன்றைய குறுங்காணொளிகள் பல மீறுகின்றன.

ஆகவே எனக்கு வேண்டியவை ஒரே அளவுள்ள, கையால் எடுத்து வைக்கக்கூடிய, ஆண் பெண் என்று இரு வகையாகத் தெரியக்கூடிய சிறு பொருள்கள். அவை வீட்டிலேயே இருந்தன. தாயம் விளையாடுவதற்குப் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குவோம் அல்லவா, அதே கொட்டைகள். வெள்ளைப் பக்கம் பெண், பழுப்புப் பக்கம் ஆண். மொத்தம் 44 கொட்டைகள் தேவைப்பட்டன: பெற்றோர் 20, குழந்தைகள் 14, பேரப்பிள்ளைகள் 10. இவற்றில் 22ஐ மட்டும் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் தேய்த்தேன். அரை மணி நேரம் ஆனது, கட்டைவிரல் சூடேறியது.

முதல் முயற்சியில் வெள்ளை சார்ட் தாளின் மேல் கொட்டைகளை வைத்துப் படம் எடுத்தேன். திரையில் பார்த்தபோது பத்து ஆண்கள் மட்டுமே இருந்தார்கள், வெண்பக்கப் பெண்கள் அனைவரும் தாளோடு கலந்து காணாமல் போயிருந்தார்கள். வெளிர்பச்சைத் தாளுக்கு மாறியதும் இரண்டு நிறமும் தனித்துத் தெரிந்தன.

இரண்டாவது முயற்சியின் பிழை இன்னும் ஆழமானது. இருபது கொட்டைகளை வைத்து, “பதினாலு” என்று சொல்லும்போது அவற்றில் ஆறை எடுத்தேன். பார்த்த ஒருவர், “ஆறு பேர் எப்படிச் செத்தாங்க?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே, ஏனெனில் நான் பெற்றோரையே எடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தைகள் வேறு மனிதர்கள் என்பதால் அவர்கள் வேறு இடத்தில் தோன்ற வேண்டும்.

இறுதியாக நிலைத்த அமைப்பு இது. தாளில் ஒரு வரிசைக்குப் பத்து வட்டங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 செ.மீ. அகலம். இரண்டு வரிசைகள் சேர்ந்தது ஒரு தலைமுறை: மேல் வரிசை பெண்கள், கீழ் வரிசை ஆண்கள். சற்று இடைவெளி விட்டு இரண்டாம் தலைமுறைக்கும் அதேபோல் இருபது வட்டங்கள், மூன்றாவதுக்கும் அதேபோல். பெற்றோர் தலைமுறையில் இருபது வட்டங்களும் நிரம்பியிருக்கும். குழந்தைகளில் 7 பெண், 7 ஆண். எல்லாம் இடப்பக்கத்திலிருந்து அடுக்கப்படுவதால் வலப்பக்கம் ஆறு வட்டங்கள் காலியாக நிற்கும். அந்த 7 பெண்களையும் 1.4ஆல் பெருக்கினால் 9.8, அதாவது ஏறத்தாழ 10 பேரப்பிள்ளைகள். அந்தத் தலைமுறையின் வட்டங்களில் பாதி காலியாகிறது. முழுப்படமும் இடப்பக்கம் சாய்ந்த படிக்கட்டைப் போல் தெரியும். வட்டங்களை முன்கூட்டியே வரைந்திருப்பதால்தான் இது வேலை செய்கிறது. வட்டம் இல்லாத வெற்றுத் தாளில் 14 கொட்டைகள் வெறும் 14 கொட்டைகளே. காலி வட்டம் இருக்கும்போதுதான் குறைவு கண்ணுக்குத் தெரிகிறது.

பேசும் சொற்களை எழுதுதல்

எழுத்துப்படியைப் பேச்சுத் தமிழிலேயே எழுத வேண்டும். எழுத்துத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பேசும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால் பாதி வாக்கியம் அப்படியும் பாதி இப்படியும் வரும். எனக்கு நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் நூறு சொற்களுக்கு மேல் வருவதில்லை. இடைநிறுத்தங்களையும் சேர்த்தால் 45 விநாடிக்கு 60 முதல் 70 சொற்களே இடம். நான் பேசியது இவ்வளவுதான்:

“பத்துப் பொண்ணுங்க, பத்து ஆம்பளைங்க. மொத்தம் இருபது பேர். இவங்களுக்கு எத்தனை குழந்தைங்க பிறக்கும்? ஒரு எண்ண மனசுல வச்சுக்குங்க.

(இரண்டு விநாடி மௌனம். கை மட்டும் கொட்டைகளை அடுக்குகிறது.)

தமிழ்நாட்டுல, 2020 கணக்குப்படி, சராசரியா பதினாலு. இருபது பேர் இடத்துக்குப் பதினாலு பேர்தான் வர்றாங்க.

இதுக்காக நம்ம ஜனத்தொகை இன்னைக்கே குறையுதுன்னு அர்த்தம் இல்ல. பிள்ள பெத்துக்கற வயசுல இப்ப நிறைய பேர் இருக்கறதால, இறப்பைவிடப் பிறப்புதான் இன்னும் அதிகம்.

ஆனா இதே நிலை மாறாம நீடிச்சா, இந்த இருபது தாத்தா பாட்டிகளுக்குப் பேரப்பிள்ளைங்க பத்தே பேர்.”

கருவளம், விகிதம், பதிலீட்டு நிலை ஆகிய மூன்று சொற்களும் இதில் இல்லை. “சராசரியா” என்ற சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. அது இல்லாவிட்டால் ஐந்து பிள்ளை பெற்ற ஒருவரைத் தெரியும் என்று யாரும் மறுத்துவிடலாம். கடைசி வாக்கியத்தின் “இதே நிலை மாறாம நீடிச்சா” என்பதும் அலங்காரத்துக்காக வைத்ததில்லை. 1.8 என்ற மற்ற கணக்கை எடுத்தால் பேரப்பிள்ளைகள் 16 பேர் ஆகிவிடுவார்கள் என்பதால், இந்தப் பகுதி முதன்மை வாக்கியத்தைவிட வலுக் குறைந்தது. அந்த நிபந்தனையைச் சொல்ல நேரம் இல்லையென்றால், மூன்றாம் தலைமுறையையே நீக்கிவிட்டு முப்பது விநாடியில் முடித்துவிடுவது மேல்.

மௌனத்தைக் குறைக்கவும் கூடாது. ஊகம் உருவாக அந்த இரண்டு விநாடி தேவை. “அதிர்ச்சி அடைவீங்க” என்ற முன்னறிவிப்பும் வேண்டாம், அது ஊகிக்கும் நேரத்தை விழுங்கிவிடுகிறது.

படம்பிடித்தலும் திரையில் எழுதுதலும்

கைபேசி மேலிருந்து நேர்கீழாகப் பார்க்க வேண்டும். இரண்டு நாற்காலிகளின் இருக்கைகளுக்கு இடையே ஒரு பலகையைப் போட்டு, கேமரா மட்டும் பலகையின் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்குமாறு கைபேசியை வைத்து, மறுமுனையில் கனமான புத்தகத்தால் அழுத்தினேன். பத்து வட்டங்களும் அகலத்தில் அடங்கும்வரை உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். கொட்டைகள் பளபளப்பானவை என்பதால் மேலே விளக்கு எரிந்தால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்து ஆணும் பெண்ணாகத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டுச் சன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் அந்தப் புள்ளி மறைகிறது. திரையில் தாளின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பல கைபேசிகளில் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும்; இல்லையென்றால் கை குறுக்கே வரும் ஒவ்வொரு முறையும் படம் இருண்டு மீளும். குரலைத் தனியாக, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்து பிறகு சேர்த்தேன்.

முதல் இருபது கொட்டைகள் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்க வேண்டும்; அவற்றை ஒவ்வொன்றாக வைப்பதைக் காட்டினால் அதிலேயே இருபது விநாடி போய்விடும். குழந்தைகளை மட்டும் கை வைக்கட்டும், அதையும் தொகுக்கும்போது வேகப்படுத்தலாம்.

திரையில் இரண்டே வரிகள் போதும். மேலே பெரிதாக “10 பெண்கள், 14 குழந்தைகள்” என்பது, கை நின்ற பிறகு மட்டும் தோன்ற வேண்டும். முன்பே தோன்றினால் ஊகத்துக்கு இடமில்லாமல் போகும். அதன் கீழே சிறிதாக “தமிழ்நாடு, 2020, மாதிரிப் பதிவு முறை” என்பது கடைசிவரை நிற்க வேண்டும். குறுங்காணொளிச் செயலிகள் திரையின் கீழ்ப்பகுதியையும் வலது ஓரத்தையும் தம் பொத்தான்களால் மூடிவிடும் என்பதால் அங்கே எதையும் எழுதக்கூடாது. படிக்கட்டு இடப்பக்கம் சாய்ந்திருப்பதன் கூடுதல் பயன் இங்கே தெரிகிறது: பொத்தான்கள் மறைக்கும் கீழ்வலது மூலையில் காலி வட்டங்களே இருக்கும். தானாக வரும் தமிழ் வசனவரிகளை ஒருமுறை முழுதாகப் படித்து, எண்களைக் கையால் திருத்துவது அவசியம்.

வெளியிடும் முன் சோதித்தல்

முதலில் ஒருவருக்கு ஒலியை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். அவர் “இருபது பேருக்குப் பதினாலு பிள்ளைங்களா?” என்று கேட்டால் படம் தன் வேலையைச் செய்கிறது. பிறகு வேறொருவருக்கு ஒலியோடு காட்டி, மறுநாள் அவர் அதை எப்படித் திருப்பிச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும். என் காணொளியைப் பார்த்த அண்ணி மறுநாள் காலையில், “தமிழ்நாட்டுல ஆளே குறையுதாமே” என்று ஆரம்பித்தார். மறுப்பு வாக்கியம் அப்போது கடைசியில், பேரப்பிள்ளைகளுக்குப் பிறகு இருந்தது. அதற்குள் அவர் தம் முடிவுக்குப் போய்விட்டிருந்தார். அதை 14க்கு அடுத்து நகர்த்திய பிறகு கேட்ட இருவரும் சரியாகவே சொன்னார்கள்.

2018 ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் இதே எண் 1.6 ஆக இருந்தது. அடுத்தடுத்த அறிக்கைகளிலும் அது ஏறலாம், இறங்கலாம். புதிய அறிக்கை வரும்போது 14 மாறியிருந்தால், பழைய காணொளியின் விவரக்குறிப்பில் ஆண்டையும் புதிய எண்ணையும் சேர்த்துவிடலாம். வட்டம் வரைந்த தாளைச் சுருட்டி அலமாரியின் மேல் வைத்திருக்கிறேன், 44 கொட்டைகளும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன.